விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்: சாதி, மதம், மாற்றுத்திறன் கேட்கும் ‘விருப்பக்’ கேள்விகள்

பதினோரு வருடம் சென்னையில் ஆளெடுப்பு வேலையில் இருந்தேன். இப்போது மதுரையில் சனிக்கிழமைதோறும் வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடுக்கிறேன். கம்பெனியின் தளத்தில் விண்ணப்பத்தை ஏற்றும்போது எல்லோரும் கடைசிப் பக்கத்தில்தான் தயங்குவார்கள். மேலே Voluntary Self-Identification என்று இருக்கும். கீழே சாதிப் பிரிவு, மதம், மாற்றுத்திறன் என்று மூன்று பெட்டி. மவுஸைப் பிடித்த கை அப்படியே நிற்கும், தலை என் பக்கம் திரும்பும். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இது இந்தியாவில் தனியார் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கானது.

“அக்கா, Optional-னு போட்டிருக்கு. ஆனா நிரப்பாம விட்டா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களோ?”

மாட்டார்கள். இந்தப் பக்கத்தைக் காலியாக விடுகிறவர்கள் ஏராளம். நான் வேலை பார்த்த இடங்களில் இதை வைத்து யாரையும் வடிகட்டியதில்லை. வடிகட்டுவது முன் பக்கங்களில் நடக்கும்: படிப்பு, அனுபவம், நோட்டீஸ் பீரியட், எதிர்பார்க்கும் சம்பளம்.

பெட்டியைக் காலியாக விடுவதைவிட Prefer not to say அல்லது I do not wish to disclose என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சில தளங்கள் வெற்றுப் பெட்டியைப் ‘பாதியில் நின்ற விண்ணப்பம்’ என்று எடுத்துக்கொண்டு நினைவூட்டல் மெயிலாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் தொல்லை மிச்சம்.

“நம்ம சாதி தெரிஞ்சு கம்பெனிக்கு என்ன ஆகப்போகுது?”

மூன்று பெட்டிக்கும் மூன்று காரணம். இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மாற்றுத்திறன் பெட்டிக்குப் பின்னால் சட்டமே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிடச் சொல்கிறது, மாற்றுத்திறனாளி ஊழியர்கள் பற்றிய பதிவேடும் வைக்கச் சொல்கிறது. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 நிறுவனங்கள் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றி ஆண்டுதோறும் தரும் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையில் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் எண்ணிக்கைக்கென்றே ஒரு அட்டவணை உண்டு. 2022-23 முதல் அது கட்டாயம். ஆக, இந்த எண் கம்பெனிக்கு உண்மையிலேயே வேண்டும்.

சாதிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2006-07 வாக்கில் தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றிய பேச்சு சூடானபோது, சி.ஐ.ஐ. போன்ற தொழில் அமைப்புகள் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்காக நாங்களே முன்வந்து செய்கிறோம் என்று ஒரு நடத்தை விதியை ஏற்றுக்கொண்டன. அதைப் பின்பற்றும் கம்பெனிகள் எண்ணிப் பார்க்கக் கேட்கின்றன. வேறு சில இடங்களில் வெளிநாட்டுத் தலைமையகத்தில் இனம் கேட்கும் பெட்டிக்குப் பதிலாக இந்தியாவில் சாதியைப் போட்டிருப்பார்கள். மதப் பெட்டியும் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பல இடங்களில் ஹெச்.ஆருக்கே பதில் தெரியாது.

“எஸ்.சி.ன்னு போட்டா கோட்டாவில வேலை கிடைக்குமா?”

தனியாரில் கோட்டா கிடையாது. எனவே கிடைக்காது. சில கம்பெனிகள் பயிற்சித் திட்டத்துக்கோ உதவித்தொகைக்கோ எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களைத் தனியாகத் தேடும். அப்படியானால் அறிவிப்பிலேயே வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு இடத்தில் இதே மாதிரிப் பெட்டி வரும். அங்கே மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள். ஒன்று, டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, பொதுத்துறை நிறுவனம் போன்றவை. அங்கே பிரிவைக் குறிப்பிடுவது கருத்துக்கணிப்பு அல்ல, உரிமை கோரல். காலியாக விட்டால் பொதுப் போட்டியில் சேர்த்துவிடுவார்கள். இன்னொன்று அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்குப் பயிற்சி இடங்கள் ஒதுக்க வேண்டும். தனியார் தொழிற்சாலையும் அதற்குள் வரும். போன வருடம் ஒசூர் பக்கம் அப்ரண்டிஸுக்கு விண்ணப்பித்த ஐ.டி.ஐ. பையன் ஒருவன், “தனியார்தானே அக்கா” என்று அந்தப் பெட்டியைத் தாண்டிப் போயிருந்தான். திரும்ப எடுத்துத் திருத்த வைத்தேன்.

“இண்டர்வியூ எடுக்கிறவர் நான் போட்டதைப் பார்ப்பாரா?”

இதுதான் உண்மையான கேள்வி. பதில், ஃபார்ம் எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் ஆளெடுப்பு மென்பொருட்களில் இந்தப் பதில்களைத் தனி இடத்தில் வைக்க வசதி உண்டு. சரியாக அமைத்திருந்தால், ரெஸ்யூமேயைத் திறக்கும் மேனேஜரின் திரையில் அது வராது. மொத்த எண்ணிக்கையை மட்டும் மனிதவளத் துறையில் ஓரிருவர் எடுப்பார்கள். இப்படிப்பட்ட ஃபார்முக்கு அடையாளம் உண்டு. கேள்விகள் தனிப் பக்கத்தில் இருக்கும். ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று நாலு வரி இருக்கும். ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற தேர்வும் இருக்கும்.

கன்சல்டன்சி அனுப்பும் கூகுள் ஃபார்ம் வேறு கதை. பெயர், போன் நம்பர், ஊர், எதிர்பார்க்கும் சம்பளம், அதற்கு அடுத்து Category, பக்கத்திலேயே சிவப்பு நட்சத்திரம். தலைப்பில் optional என்று எழுதிவிட்டு நட்சத்திரமும் போட்டிருப்பார்கள்! நீங்கள் சமர்ப்பித்ததும் அது ஒரு ஷீட்டில் ஒரே வரிசையில் போய் உட்காரும். பெயர் சி நெடுவரிசையில் இருந்தால் சாதி ஜி நெடுவரிசையில். அந்த ஷீட்டின் லிங்க் கன்சல்டன்சியில் ஏழு பேரிடம் இருக்கும், அதையே அப்படியே கம்பெனிக்கும் அனுப்புவார்கள். கல்லூரி பிளேஸ்மெண்ட் செல்லில் சேகரிக்கும் பட்டியலும் இதே ரகம். இரண்டாம் வகை ஃபார்மில் ‘சொல்ல விரும்பவில்லை’ போடுங்கள். அந்தத் தேர்வு இல்லாமல் கட்டாயமாக்கியிருந்தால், “இந்தக் கேள்வி விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள், தவிர்க்க வழி இல்லையே” என்று அனுப்பியவருக்கே ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் நட்சத்திரத்தை எடுத்துவிடுவார்கள். வேண்டுமென்று வைத்திருக்க மாட்டார்கள், பழைய ஃபார்மைக் காப்பியடித்திருப்பார்கள்.

“பேரைப் பார்த்தாலே தெரிஞ்சுடுமே, மறைச்சு என்ன பிரயோஜனம்?”

ஓரளவுக்கு உண்மை. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரித் தகுதியோடு பெயரை மட்டும் மாற்றித் தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த விண்ணப்பங்களில் சாதிப் பெட்டி எதுவும் இல்லை, பெயர் மட்டும்தான்.

தமிழ்நாட்டில் சாதிப் பெயரை வாலாகப் போடும் வழக்கம் போய், இனிஷியல்தான் இருக்கிறது. எனவே சாதி, பெயரில் அவ்வளவு தெரியாது. மதம் தெரிந்துவிடும். ஆயிஷாவோ அந்தோணியோ மதப் பெட்டியைக் காலியாக விடுவதால் ஒன்றும் மறைந்துவிடாது. ஆனால் நிரப்புவதால் ஆதாயமும் இல்லை. பெட்டியைப் பற்றிய முடிவை, “மறைக்க முடியுமா” என்று பார்த்து எடுக்காதீர்கள். “சொன்னால் அந்த இடத்தில் அது எனக்கு என்ன செய்யும்” என்று பாருங்கள். மதத்தைப் பொறுத்தவரை என் பதில் எப்போதும் ஒன்றுதான்: விட்டுவிடுங்கள். தொழுகைக்கு நேரமோ பண்டிகை விடுப்போ வேண்டுமென்றால் வேலையில் சேர்ந்தபின் மேனேஜரிடம் கேட்கலாம். அதற்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமில்லை.

“அப்போ மாற்றுத்திறனாளின்னு டிக் பண்றதும் வேண்டாமா?”

இங்கே என் பதில் மாறும். சொல்லலாம், பல சமயம் சொல்வதே நல்லது.

சாதியைச் சொன்ன பிறகு தனியார் கம்பெனி அதனால் உங்களை ஒதுக்கினால், ஆளெடுப்பில் சாதிப் பாகுபாட்டுக்கென்று நேரடியாகக் கைகொடுக்கும் பொதுச் சட்டம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருப்பது அவமதிப்பு, வன்முறை, சமூகப் புறக்கணிப்பு போன்றவற்றுக்கு. ‘கூப்பிடவில்லை’ என்பதை அதில் நிரூபிப்பது கடினம். மாற்றுத்திறனுக்கு நிலைமை கொஞ்சம் மேல். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், எந்தெந்த வேலைகளுக்கு மாற்றுத்திறனாளிகளை எடுக்கும், எப்படித் தேர்ந்தெடுக்கும், என்ன உதவிக் கருவி தரும் என்றெல்லாம் கொள்கையில் எழுத வேண்டும். இதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். அந்தக் கொள்கை மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவாக வேண்டும். ஆக, எதைக் காட்டிக் கேட்பது, யாரிடம் முறையிடுவது என்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

டிக் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து அந்தக் கம்பெனியின் தளத்தில் Equal Opportunity Policy என்று தேடுங்கள். கொள்கையும் தொடர்பு அலுவலரின் மெயிலும் கிடைத்தால் தைரியமாகச் சொல்லுங்கள். “நாங்கள் எல்லோரையும் வரவேற்கிறோம்” என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், ஆஃபர் லெட்டர் வந்தபின் சொல்வது உங்களுக்குப் பாதுகாப்பு. அப்போது சொன்னாலும் எதுவும் கைவிட்டுப் போகாது. இ.எஸ்.ஐ.யில் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் 75,000 ரூபாய் கழிவு, ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. இரண்டையும் பார்ப்பது சம்பளப் பிரிவு. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் அவர்களிடம் போவதே இல்லை.

“டிக் பண்ணிட்டேன். டெஸ்டுக்கு எக்ஸ்ட்ரா டைம் தானா வந்துடும்ல?”

வராது. அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான்.

நான் மேலே சொன்ன ‘சரியாக அமைத்த’ மென்பொருளில் உங்கள் பதில் தேர்வு நடத்துபவருக்குப் போகவே போகாது. பாதுகாப்புக்காகக் கட்டிய சுவர் உதவியையும் சேர்த்தே தடுத்துவிடும். 45 சதவீதப் பார்வைக் குறைபாடு உள்ள ஒரு தம்பி, டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்தான். கடைசிப் பக்கத்தில் ஆமாம் என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தான். தேர்வு நாளில் கண்காணிப்பு மென்பொருள் திரையைப் பூட்டியது, எழுத்தைப் பெரிதாக்கும் வசதி வேலை செய்யவில்லை. 60 நிமிடத்தில் 50 கேள்வி. 31ஆவது கேள்வியில் நேரம் முடிந்தது. முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனதால், ‘சந்தேகத்துக்குரிய நடத்தை’ என்று எச்சரிக்கை வேறு.

அடுத்த கம்பெனிக்குத் தேர்வு லிங்க் வந்த அன்றே, ஆறு நாள் முன்னால், மெயில் போட வைத்தேன். ஆங்கிலத்தில்தான் அனுப்பினான். சாரம் இவ்வளவுதான்: “எனக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது. விண்டோஸ் மேக்னிஃபையர் தேர்வின்போது இயங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாக வேண்டும். திரைக்கு அருகே உட்காருவேன், கண்காணிப்பாளருக்குத் தெரிவிக்கவும். சான்றிதழ் கேட்டால் அனுப்புகிறேன்.” நோயின் பெயர் இல்லை, வரலாறு இல்லை. என்ன வேண்டும் என்பது மட்டும். அந்த 20 நிமிடக் கணக்கு, சொல்லச் சொல்ல எழுதித் தரும் உதவியாளரோடு தேர்வெழுதுபவர்களுக்காக 2018இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதலில் உள்ளது. தனியாரைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கேட்பதற்கு ஒரு அளவுகோல். மூன்றாம் நாள் வேறு லிங்க் வந்தது, 80 நிமிடத்தோடு.

“எனக்கு 30 சதவீதம்தான். கவர்மெண்ட் தர்ற யு.டி.ஐ.டி. மாற்றுத்திறனாளி கார்டும் இல்ல. ஆமாம்னு போட்டா பொய்யாகுமா?”

ஆகாது. சட்டம் இரண்டு விதமாகப் பிரிக்கிறது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து உங்கள் பங்கேற்பைக் குறைக்கிறது என்றால் நீங்கள் மாற்றுத்திறனாளி. 40 சதவீதமும் அதற்கு மேலும் சான்றளிக்கப்பட்டால் ‘குறிப்பிட்ட அளவு’ மாற்றுத்திறனாளி, ஆங்கிலத்தில் Benchmark disability. அரசு வேலை இடஒதுக்கீடு இரண்டாவது வகைக்கு. உதவி கேட்கும் உரிமையை அந்த 40ஐ வைத்து மறுக்கக் கூடாது என்பதை, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு யு.பி.எஸ்.சி. தேர்வர் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஃபார்ம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். Do you have a disability என்றால் ஆமாம். Benchmark disability என்றோ UDID எண் என்றோ கேட்டால் இல்லை. மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். அது சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று, எனவே ஆமாம் என்பது சரியான பதில்தான். ஆனால் தேர்வுக்கோ நேர்காணலுக்கோ எந்த மாற்றமும் உங்களுக்குத் தேவையில்லை என்றால், விண்ணப்ப நிலையில் அதைச் சொல்ல நான் யாரையும் தூண்டுவதில்லை. நம் ஊர் ஹெச்.ஆர். அறைகளில் காதில் விழுந்த பேச்சு அப்படி.

“சர்டிஃபிகேட்ல பி.சி.ன்னு இருக்கு, ஃபார்ம்ல ஓ.பி.சி.தான் இருக்கு. அப்பா வழியில தலித் கிறிஸ்தவங்க. எதைப் போடுறது?”

பி.சி., எம்.பி.சி., பி.சி. முஸ்லிம் எல்லாம் தமிழ்நாட்டு அரசின் பிரிவுகள். ஓ.பி.சி. மத்திய அரசின் பட்டியல். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும், முழுக்க அல்ல. தனியார் ஃபார்மில் சான்றிதழ் சரிபார்ப்பு இல்லை என்பதால், நிரப்புவதென்றால் ஓ.பி.சி. என்று போட்டால் போதும்.

தலித் கிறிஸ்தவர் விஷயம் சிக்கல். 1950 அரசாணைப்படி எஸ்.சி. என்பது இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும். எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. ஆக, ஃபார்ம் உங்கள் சான்றிதழைக் கேட்டால் பதில் எஸ்.சி. அல்ல. சில கம்பெனிகள் மட்டும் ‘தலித்’ என்று தனியாகவே பெட்டி வைக்கும். அது சட்டப் பிரிவு அல்ல, நீங்கள் உங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள் என்ற கேள்வி. அங்கே தாராளமாகப் போடலாம்.

“எனக்குச் சாதியே வேண்டாம். ஜெனரல்னு போட்டுடலாமா?”

வேண்டாம். ‘ஜெனரல்’ என்றால் சாதி இல்லாதவர் என்று பொருளில்லை. இடஒதுக்கீட்டுக்குள் வராத சாதியினர் என்றுதான் கம்பெனி எண்ணும். முதல் பதிலில் சொன்ன Prefer not to say உங்களுக்கானதே. சொல்லாமல் விடுவது பொய் ஆகாது. தப்பாகச் சொல்வது, விண்ணப்பத்தின் கீழே ‘தந்த தகவல் அனைத்தும் உண்மை’ என்று நீங்கள் போட்ட டிக்கோடு முட்டும். தவிர, சேரும் நாளில் டி.சி. நகல் கேட்டால் பலருடைய டி.சி.யில் சாதி அச்சாகியே இருக்கும். அதைக் கேட்காத இடங்களும் உண்டு. பட்டச் சான்றிதழ் போதுமா என்று கேட்டுவிட்டு டி.சி.யைக் கொடுங்கள்.

“பேர் தெரியாது, அனானிமஸ்னு சொல்றாங்க. நம்பலாமா?”

பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். கோவைக் கிளைக்கு 14 பேர் விண்ணப்பித்தார்கள் என்று வையுங்கள். அறிக்கை ‘பெண்கள் 5, எஸ்.டி. 1, மாற்றுத்திறனாளி 1’ என்று வருகிறது. அதை ‘எஸ்.டி. பெண் 1’ என்று குறுக்காகப் பிரித்துவிட்டால், அந்த ஐந்து பெண்களின் ரெஸ்யூமேயைப் புரட்டி, நீலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ பள்ளி முடித்தவர் யார் என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

விவரம் தெரிந்தவர்கள் ஐந்துக்குக் குறைவான எண்ணை அறிக்கையில் காட்டவே மாட்டார்கள். ‘சிறிய எண்ணிக்கைகளை எப்படி வெளியிடுவீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே புரியாவிட்டால் முடிவெடுப்பது சுலபம். உங்கள் தனிப்பட்ட மெயிலுக்கு வந்த லிங்க்கைத் திறந்து நிரப்புவதும் அனானிமஸ் இல்லை. லிங்க்கிலேயே உங்கள் எண் ஒட்டியிருக்கலாம்.

“போன மாசம் எல்லாத்தையும் நிரப்பிட்டேன். இப்போ எடுக்க முடியுமா?”

தளத்தில் உள்நுழைந்து சுயவிவரப் பக்கத்தைப் பாருங்கள். பல மென்பொருட்களில் நீங்களே மாற்றலாம். இல்லையென்றால் தளத்தின் அடியில் Privacy என்று இருக்கும் பக்கத்தில் ஒரு மெயில் முகவரி கிடைக்கும். ‘இன்ன தேதியில் தந்த சாதி, மத விவரங்களுக்கான சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், அழித்துவிட்டுத் தெரிவிக்கவும்’ என்று எழுதுங்கள். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் சிலர் மொத்தத்தையும் தூக்கிவிடுவார்கள்.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கவும் வழி செய்யச் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, இந்தப் பிரிவுகள் அமலாக அங்கிருந்து 18 மாத அவகாசம். ஆனால் பெரிய கம்பெனிகள் இப்போதே இந்த மெயிலுக்குப் பதில் சொல்கின்றன. அறிக்கையில் ஏற்கெனவே எண்ணாகக் கலந்ததை எடுக்க முடியாது. கன்சல்டன்சியின் ஷீட்டில் இருந்தால், அவர்கள் யாருக்கு அனுப்பினார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

“ஃபார்ம்ல கேக்கல அக்கா. போன்ல ரெக்ரூட்டர், ‘ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு, அப்பா என்ன பண்றாரு’ன்னு கேக்கறாரு.”

இதற்கு எந்தப் பக்கத்திலும் Prefer not to say கிடையாது. அதனால்தான் எனக்கு அந்தக் கடைசிப் பக்கத்தைவிட இந்தப் போன்தான் கவலை. சிலர் உண்மையிலேயே பேச்சுக்குக் கேட்பார்கள். சிலர் வேறு எதையோ தேடுவார்கள். குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, தேவையும் இல்லை. ஊர் பெயரைச் சொல்லிவிட்டு உடனே வேலைக்குத் திருப்பிவிடுங்கள்: “உசிலம்பட்டி சார். வேலைக்குச் சென்னைக்கு மாறிக்கத் தயார். சார், இந்த ரோலுக்கு ஷிஃப்ட் இருக்கா?” தெருவையும் அப்பாவையும் மறுபடி கேட்டால், “அது ஃபார்மில் தேவைப்பட்டா எழுதித் தரேன் சார், மெயில்ல அனுப்பிடுங்க” என்று சொல்லுங்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து சொல்கிறேன், அந்தக் கேள்வியை மெயிலில் எழுதி அனுப்பிய ரெக்ரூட்டரை நான் பார்த்ததில்லை.